கை நிறையக் காப்பு

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு ஏழாம் மாதம். போன வாரம் வளைகாப்பு நடந்தது. அம்மா உயிரோடு இல்லை. அத்தைதான் அம்மா இடத்தில் நின்று முதல் வளையலைப் போட்டார். கை வீங்கியிருந்ததால் வளையல் ஏறவில்லை. தேங்காய் எண்ணெய் தடவி, "வலிக்கிறதா?" என்று கேட்டுக் கேட்டு ஏற்றினார். மாமியார் விடியுமுன் எழுந்து ஐந்து வகைச் சாதம் கிளறினார். வளையல் கைகள் மடியில் இருக்கும் படத்தை இன்ஸ்டாகிராமில் போட வேண்டும். "வாழ்வின் பொன்னான தருணம்! என் தாய்மைப் பயணத்தில் வாழ்த்திய அனைத்து அன்பு உள்ளங்களுக்கும் நன்றி" என்று எழுதினேன். ஏதோ கல்யாண மண்டபத்து பேனர் போல இருக்கிறது. அத்தையை மட்டும் சொன்னால் மாமியார் வருந்துவாரோ என்றும் பயம். என்ன எழுதலாம்?

பதில்: அன்புத் தங்கைக்கு,

பேனர் போல இருப்பது உனக்கே தெரிந்துவிட்டது, பாதி வேலை முடிந்தது. அந்த வரியை இன்னொரு பெண்ணின் படத்துக்குக் கீழே வைத்தாலும் பொருந்தும். அதுதான் அதன் குறை. 'அனைத்து அன்பு உள்ளங்கள்' என்று படிக்கும் உன் அத்தை, அதில் தான் எங்கே இருக்கிறோம் என்று தேட வேண்டியிருக்கும். ஆனால் எனக்கு எழுதிய கடிதத்தில் எண்ணெய் இருக்கிறது, "வலிக்கிறதா?" இருக்கிறது. நல்லதையெல்லாம் எனக்கு அனுப்பிவிட்டு, ஊருக்கு வெறும் வாழ்த்து மடலை வைத்திருக்கிறாய்!

மாமியார் பற்றிய பயம் நியாயமானதுதான். வளைகாப்புப் படத்துக்குக் கீழே பெயர்ப் பட்டியல் போட்டு, ஒரு சித்தியை விட்டுவிட்டு, அடுத்த விசேஷம் வரை பேச்சு வார்த்தை நின்றுபோன குடும்பத்தை எனக்குத் தெரியும். அதனால் பட்டியல் வேண்டாம். பெயரும் வேண்டாம். யார் என்ன செய்தார் என்று மட்டும் சொல். அத்தைக்கு ஒரு வாக்கியம், மாமியாருக்கு ஒரு வாக்கியம், இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம். மற்றவர்களுக்குக் கடைசியில் ஒரு வணக்கம். இவ்வளவில் யாரும் குறைப்பட மாட்டார்கள்.

அம்மாவைப் பற்றி 'இருந்திருந்தால்' என்று தொடங்காதே. தொடங்கினால் படம் முழுவதும் அந்தத் துக்கத்துக்குப் போய்விடும், வாழ்த்த வந்தவர்கள் ஆறுதல் எழுதுவார்கள். 'அம்மா இடத்தில் நின்ற அத்தை' என்ற சொற்களிலேயே உன் அம்மா வந்துவிடுகிறார்.

குழந்தையையும் சேர்த்துக்கொள், ஆனால் அதன் வாயில் வசனம் வைக்காதே. 'அம்மா, நான் சீக்கிரம் வருகிறேன்' என்பது போன்ற வரிகள் எனக்குச் சலித்துவிட்டன. ஏழாம் மாதத்தில் குழந்தைக்கு வெளிச்சத்தம் கேட்கும் என்பதை மருத்துவர்களே சொல்கிறார்கள். வளையல் சத்தம் பிள்ளைக்குக் கேட்கட்டும் என்று நம் பாட்டிகளும் சொல்வார்கள். அந்த உண்மையை அப்படியே எழுதினாலே மென்மை தானாக வரும்.

இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே முதல் ஓரிரு வரிகள்தான் தெரியும். மீதி, தொட்டால்தான் விரியும். 'பொன்னான தருணம்' அந்த இடத்தை அடைத்துக்கொள்ளக் கூடாது. எண்ணெயிலிருந்து தொடங்கு. உன் கடிதத்திலிருந்தே எடுத்து நான் கோத்தது இது:

> எண்ணெய் தடவி, "வலிக்கிறதா?" என்று கேட்டுக் கேட்டு முதல் வளையலை ஏற்றியவர், அம்மா இடத்தில் நின்ற என் அத்தை. விடியுமுன் எழுந்து ஐந்து வகைச் சாதமும் கிளறியவர் என் மாமியார். கை அசையும்போதெல்லாம் உள்ளே ஒரு குட்டிச் செவி கேட்டுக்கொண்டிருக்கிறது. வந்து வாழ்த்திய எல்லோருக்கும் எங்கள் இருவரின் வணக்கம்.

'இருவர்' என்பது நீயும் குழந்தையும். உன் கணவர் தன்னையும் சேர்த்து எண்ணிக்கொள்வார், எண்ணிக்கொள்ளட்டும்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு இது நீளம். அங்கே 'காப்பு' என்ற சொல்லே போதும். கையில் போடும் வளைக்கும் காப்பு என்று பெயர், காவலுக்கும் காப்பு என்று பெயர். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் முதல் பருவமே காப்புதான். குழந்தையைக் காக்கும்படி தெய்வங்களை வேண்டுவது. ஆகவே:

> கை நிறையக் காப்பு. இட்ட கைகளுக்கெல்லாம் நன்றி.

இதற்கு மேல் இதய வடிவப் பொம்மைகளை அடுக்காதே, ஒன்று போதும். 'வளைக்காப்பு' என்று நடுவில் ஒற்று போட்டுவிடாதே. வளைகாப்பு என்பதே சரி. பதிவிடும் முன் அத்தைக்கும் மாமியாருக்கும் ஒரு முறை வாசித்துக் காட்டு. ஐந்து வகை இல்லை, ஆறு என்று மாமியார் திருத்தினால் திருத்திக்கொள்.