இடுப்பு ஊசி எங்கே இறங்க வேண்டும்?

கேள்வி: மன்னார்குடியில் அப்பாவுக்கு இடுப்பில் ஊசி போட்டதும் பாதம் வரை சுரீரென்று இழுத்தது. மேல் வெளிப்பக்கம்தானே போட்டார்கள், ஏன்?

காலுக்குள் இறங்கும் பெரிய நரம்பான சயாட்டிக் நரம்பைத் தொட்டிருக்கலாம். அது இடுப்பெலும்பிலிருந்து பெரும்பாலும் பிட்டத்தின் ஆழத்தில் உள்ள பிரிஃபார்மிஸ் தசைக்குக் கீழே வெளிவந்து, உட்காரும் எலும்புக்கும் தொடை எலும்பின் வெளி மேட்டுக்கும் நடுவே வளைந்து தொடைக்குள் இறங்குகிறது. பிட்டத்தை நாலாகப் பிரித்தால் வரும் மேல் வெளிப் பகுதி இந்தப் பாதைக்கு அப்பால், தடித்த தசை மேல் இருக்கிறது.

தவறு பெரும்பாலும் அளவில்தான். உருண்ட சதையை மட்டும் நாலாகப் பிரித்தால் ஊசி கீழே போய்விடும். வேட்டியை நன்றாக இறக்கி, இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து பிட்ட மடிப்பு வரை முழுவதையும் பிரிக்க வேண்டும்.

சுரீரென்றால் மருந்தைச் செலுத்தாமல் ஊசியை உடனே எடுக்க வேண்டும். அப்பாவைக் குதிகாலில் நிற்கச் சொல்லுங்கள். முன்பாதம் தூக்க முடியாவிட்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.