சிக்னல் போகும் முன் டிரைவருக்கு வழி சொல்வது எப்படி?

கேள்வி: மெயின் ரோட்டிலிருந்து 14 கிலோமீட்டர் உள்ளே, காட்டை ஒட்டி இருக்கிறது எங்கள் ரிசார்ட். நான் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். விருந்தினரின் டிரைவர் போன் செய்தால் பொறுமையாகத்தான் வழி சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்கிறார். கடைசியில் வேறு பாதையில் போய்விடுகிறார். பாதி வழியில் சிக்னலும் கிடையாது. எப்படிச் சொன்னால் சரியாக வந்து சேருவார்?

பதில்: அந்த "சரி, சரி"யை நம்பாதீர்கள். வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர் மனதில் நீங்கள் கடைசியாகச் சொன்னது மட்டும்தான் நிற்கும். அதனால் வழியைச் சொல்வதற்கு முன், "அண்ணே, வண்டியை ஓரமா நிறுத்துங்க, நான் லைன்ல இருக்கேன்" என்று சொல்லுங்கள். பின் சீட்டில் இருக்கும் விருந்தினர் போனை வாங்கி, "நான் சொல்லிக்கிறேன்" என்பார். பணிவாகக் கேட்டு, டிரைவரிடமே கொடுக்கச் சொல்லுங்கள். இடையில் ஒருவர் வாங்கிச் சொன்னால் "பாலம் தாண்டி இடது" என்பது வெறும் "இடது" ஆகிவிடும். பாலத்துக்கு முன்னாலும் ஒரு இடது இருக்கும், வண்டி அதில் போய்விடும்.

அடுத்து, "எங்க இருக்கீங்க?" என்று கேட்காதீர்கள். "பக்கத்துல வந்துட்டோம்" என்றுதான் பதில் வரும். கண்ணுக்கு என்ன தெரிகிறது, அது எந்தக் கைப்பக்கம் இருக்கிறது, கடைசியாக எதைத் தாண்டி வந்தார் என்று கேளுங்கள். அவர் நிற்கும் இடமும் வண்டி பார்த்திருக்கும் திசையும் தெரியாமல் ஒரு திருப்பம்கூடச் சொல்லக் கூடாது.

14 கிலோமீட்டர் வழியையும் ஒப்பிக்க வேண்டாம். எந்த ரிசார்ட்டுக்கும் வண்டிகள் தவறுகிற திருப்பம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அவை எவை என்று உங்கள் ஜீப் டிரைவரைக் கேட்டால் உடனே சொல்வார். ஒவ்வொன்றுக்கும் நான்கு விஷயம் எழுதி மேஜையில் வையுங்கள்: திருப்பத்துக்கு முன் என்ன தெரியும், திருப்பத்திலேயே என்ன நிற்கிறது, சரியாகத் திரும்பியிருந்தால் அடுத்து என்ன வரும், தவறியிருந்தால் எது வரும். இந்த நான்காவதைத்தான் பெரும்பாலானவர்கள் சொல்வதில்லை. சிக்னல் இல்லாத இடத்தில் ஒருவர் தானாகத் திரும்பி வருவதற்கு உதவுவது அது ஒன்றுதான். அடையாளமாகச் சொல்வது பாலம், தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடம் மாதிரி இடம் மாறாததாக இருக்கட்டும். பேனரும் சுவரின் நிறமும் வேண்டாம்.

இப்படி ஒரு இடத்தை எடுத்துக்கொள்வோம். மெயின் ரோட்டை விட்டு 6 கிலோமீட்டர் உள்ளே வந்ததும் சாலை இரண்டாகப் பிரிகிறது. நடுவில் உயரமான தண்ணீர்த் தொட்டி. இடப்பக்கம் போவது அகலமான தார்ச் சாலை, அணைக்குப் போகிறது. வலப்பக்கம் ஒடுங்கிய சாலை, அதுதான் உங்களுடையது. புதிதாக வருகிறவர் அகலமான சாலையில்தான் போவார். "நேரா வாங்க" என்று நீங்கள் சொல்லியிருந்தால் நிச்சயமாக அதில்தான் போவார், அவர் கண்ணுக்கு அதுதான் நேர். போனில் இப்படிப் பேசுங்கள்:

"அண்ணே, மெயின் ரோட்டுல இருந்து திரும்பினதும் கிலோமீட்டரைப் பார்த்து வச்சுக்கோங்க. ஆறு கிலோமீட்டர்ல ரோடு ரெண்டாப் பிரியும், நடுவுல பெரிய தண்ணித் தொட்டி. அங்க வலது. சின்ன ரோடுதான், சந்தேகப்படாதீங்க. தொட்டிகிட்ட வலது. திரும்பி ஒரு கிலோமீட்டருக்குள்ள பள்ளிக்கூடம் வரும். பள்ளிக்கூடம் வராம செக்போஸ்ட் வந்தா தப்பு, தொட்டிக்கே திரும்பி வந்துடுங்க. இப்போ நீங்க ஒரு தடவை சொல்லுங்க, எங்க திரும்பணும்?"

"தொட்டிகிட்ட வலது மேடம். சின்ன ரோடு."

"அப்புறம் என்ன வரும்?"

"பள்ளிக்கூடம்."

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் "புரிஞ்சுது" என்றுதான் சொல்வார்கள். அவர் வாயால் சொல்ல வைத்தால்தான் எது விட்டுப்போனது என்று உங்களுக்குத் தெரியும். திருப்பத்தை இரண்டு முறை சொல்லும்போது வார்த்தையை மாற்றாதீர்கள். முதலில் "தொட்டி", அடுத்த முறை "டேங்க்" என்றால் இரண்டு இடம் என்று நினைத்துக்கொள்வார்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். பெரிய குழப்பமெல்லாம் இங்கேதான் நடக்கிறது. டிரைவர் தவறி அணைப் பக்கம் போய், செக்போஸ்ட்டைப் பார்த்துத் திரும்பி வருகிறார் என்று வையுங்கள். இப்போது அவருக்குத் தொட்டியருகே வலது கிடையாது, இடது. நீங்கள் சொன்ன "வலது" மனதில் இருப்பதால் வலப்பக்கமாக வளைந்து மறுபடி மெயின் ரோட்டுக்கே போய்விடுவார். மேலே நல்ல சாலை, கீழே நல்ல சாலை, எதிலும் ரிசார்ட் இல்லை. இரவில் விருந்தினர் கோபத்தோடு வந்து இறங்குவது இப்படித்தான். எனவே எந்தப் பக்கமிருந்து வந்தாலும் மாறாத ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடியுங்கள். இந்த இடத்தில் அது, "தொட்டி உங்க இடது கைப்பக்கம் இருக்கணும், அதை ஒட்டியே சின்ன ரோட்டுல போங்க" என்பது. மெயின் ரோட்டிலிருந்து வந்து சின்ன சாலையில் நுழைந்தாலும் தொட்டி இடப்பக்கம்தான், அணையிலிருந்து திரும்பி வந்து அதில் நுழைந்தாலும் இடப்பக்கம்தான். அணைச் சாலையில் தவறி நுழைகிறவருக்கு மட்டும் அது வலப்பக்கம் தெரியும். உங்கள் இடத்துக்குப் பொருந்தும் வாக்கியத்தை, இரண்டு பக்கமிருந்தும் வண்டியில் போய்ப் பார்த்த பிறகே எழுதுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தால் தப்பாக வரும்.

இனி ஒரு எச்சரிக்கை. பிரிவுச் சாலையில் நின்றுகொண்டு, "அந்த ரிசார்ட் மூடிட்டாங்க", "ரோடு மறிச்சிருக்கு, நான் வேற நல்ல இடம் காட்டுறேன்" என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். கமிஷனுக்காகச் சொல்வது. வழி கேட்க நிறுத்திய வண்டிதான் அவர்களுக்கு வேண்டும். ஆகவே போனை வைப்பதற்கு முன், "யார் என்ன சொன்னாலும் நம்பாதீங்க, நாங்க திறந்துதான் இருக்கோம், ரோடும் சரியா இருக்கு, சந்தேகம்னா சிக்னல் இருக்கிற இடத்துக்கு வந்து எனக்கே போன் பண்ணுங்க" என்று தவறாமல் சொல்லுங்கள். ரோடு உண்மையிலேயே சரியாக இருக்கிறதா என்று அன்றன்று காலையில் விசாரித்து வைத்திருப்பது உங்கள் பொறுப்பு.

"லொகேஷன் அனுப்பியாச்சே" என்று உங்கள் மேலாளர் சொல்லலாம். முன்பதிவுத் தளங்களில் ரிசார்ட்டின் புள்ளி பல சமயம் பக்கத்து ஊரின் நடுவில் குத்தப்பட்டிருக்கும். திருத்தச் சொல்லி எழுதினால், "பரிசீலிக்கிறோம்" என்று பதில் வரும், புள்ளி நகராது. அறை வாடகையில் கமிஷன் எடுக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு புள்ளியை நகர்த்த ஏன் முடியவில்லை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. டிரைவர் எந்தப் புள்ளியை வைத்து வருகிறார் என்று கேட்டு, வாசலில் நின்று நீங்களே எடுத்த லொகேஷனை அனுப்புங்கள். அதுவும் முழுத் தீர்வு ஆகாது. சிக்னல் போனாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், வண்டி இருக்கும் இடம் திரையில் தெரியும். ஆனால் வரைபடத்தை முன்பே இறக்கி வைக்காதவர் பாதை மாறிவிட்டால், புது வழி போட நெட் வேண்டும்.

கடைசியாக, நேரம். சிக்னல் முடியும் இடத்திலிருந்து உங்கள் வாசலுக்கு ஜீப்பில் 30 நிமிடம் என்றால், புது ஆளுக்கு 45 வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தை டிரைவரிடமும் சொல்லுங்கள். அதையும் தாண்டி 15 நிமிடம் ஆகி வண்டி வராவிட்டால் போனைப் பார்த்துக்கொண்டு உட்காராமல், தொட்டி வரைக்கும் ஜீப்பை அனுப்பிவிடுங்கள்.