கூலரின் படிவுத் தடை 0.00046: அதில் படிவு எவ்வளவு, நீரோட்டக் குறைவு எவ்வளவு?

கேள்வி: எங்கள் ஆலையில் கிளைக்கால் கரைசலைக் குளிர்விக்கும் ஷெல் அண்ட் ட்யூப் கூலர் ஒன்று உள்ளது. ட்யூபுக்குள் கூலிங் டவர் நீர் ஓடுகிறது. சுத்தம் செய்த மறுநாள் சோதித்தபோது மொத்த வெப்பக் கடத்தல் குணகம் U 1205 வந்தது. எட்டு மாதம் கழித்து 777 வருகிறது. தலைகீழ் எண்களைக் கழித்தால் படிவுத் தடை 0.00046. டிசைன் தாளில் 0.00018 என்றுதான் இருக்கிறது. கூலரை உடனே நிறுத்திச் சுத்தம் செய்ய வேண்டுமா? அளவீட்டுத் தாளை இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் கணக்கில் கூட்டல் கழித்தல் பிழை எதுவும் இல்லை. ஆனால் 0.00046 முழுவதும் படிவால் வந்ததன்று. அதில் கால் பங்குக்கும் அதிகமானது, இரண்டாம் சோதனையன்று ட்யூபில் நீர் குறைவாக ஓடியதால் வந்தது. அதை நீக்கினால் ஏறத்தாழ 0.00033 மிஞ்சும். படிவு உண்மையிலேயே டிசைன் அளவைத் தாண்டியிருக்கிறது, ஆனால் நீங்கள் அஞ்சும் அளவுக்கு அன்று.

முதலில் இரு நாள் அளவீடுகளையும் சரிபார்த்துவிடுவோம். சுத்தமாக இருந்த நாளில் கிளைக்கால் கரைசல் நொடிக்கு 24 கிலோ வீதம் 60 டிகிரியில் நுழைந்து 45 டிகிரியில் வெளியேறியிருக்கிறது. அதன் வெப்ப ஏற்பு எண்ணை 3.5 என்று எடுத்தால் அது இழந்த வெப்பம் 1260 கிலோவாட். அதே நேரம் நொடிக்கு 30 கிலோ நீர் 30 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடேறிப் பெற்றது 1254 கிலோவாட். இரண்டும் அரை விழுக்காட்டுக்குள் ஒத்துப்போவதால் அன்றைய தரவை நம்பலாம். இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் U கணக்கிடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு பக்க வெப்பத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், ஒரு தெர்மாமீட்டரோ ஃப்ளோமீட்டரோ பொய் சொல்வதைக் கண்டுபிடிக்க வழியே இருக்காது. இரு பக்கமும் 5 விழுக்காட்டுக்கு மேல் வேறுபட்டால் அந்தச் சோதனையை ஒதுக்கிவிட்டு மீண்டும் எடுப்பதே நல்லது.

இரண்டாம் சோதனையில் கரைசல் அதே 24 கிலோவில் 60 டிகிரியிலிருந்து 49.5 டிகிரிக்கு மட்டுமே இறங்கியிருக்கிறது. நீர் 30 டிகிரியிலிருந்து 41.7 டிகிரிக்கு ஏறியிருக்கிறது. வெப்பம் ஒரு பக்கம் 882, மறுபக்கம் 880 கிலோவாட்; இதுவும் நல்ல தரவுதான். ஆனால் நீரோட்டம் நொடிக்கு 18 கிலோ, அதாவது முன்பிருந்ததில் 60 விழுக்காடு மட்டுமே. உங்கள் கேள்வியில் நீங்கள் குறிப்பிடாமல் விட்ட இந்த ஓர் எண்தான் விடையை மாற்றுகிறது. உங்கள் கூலர் ஒரே பாஸ் கொண்ட எதிரோட்ட அமைப்பு என்பதால் மடக்கைச் சராசரி வெப்பநிலை வேறுபாட்டுக்குத் திருத்தக் காரணி தேவையில்லை; பல பாஸ் உள்ள கூலராக இருந்தால் அதையும் பெருக்க வேண்டும்.

```
U  = Q / (A·ΔTm)          A = 60 m² (ட்யூபின் வெளிப் பரப்பு)
சுத்தம்:  1257000 / (60 × 17.38) = 1205
அழுக்கு:   881000 / (60 × 18.89) =  777
Rf = 1/777 − 1/1205 = 0.00046 m²K/W
```

இந்தக் கழித்தலுக்குள் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. 1/U என்பது தனித்தனித் தடைகளின் கூட்டுத்தொகை: ஷெல் பக்கத் திரவப் படலத்தின் தடை, ட்யூப் சுவரின் தடை, ட்யூபுக்குள் ஓடும் நீர்ப் படலத்தின் தடை, அவற்றோடு படிவின் தடை. படிவைத் தவிர மற்ற மூன்றும் இரு நாட்களிலும் மாறாமல் இருந்தால்தான் கழித்து வருவது படிவு மட்டுமாக இருக்கும். உங்கள் ஷெல் பக்கம் மாறவில்லை; ஓட்டமும் நுழையும் வெப்பநிலையும் ஒன்றே, மூடிய சுற்றில் ஓடும் கரைசல் என்பதால் அங்கே படிவுக்கும் பெரிதாக இடமில்லை. நீர்ப் படலமோ மாறிவிட்டது. கொந்தளிப்பான ஓட்டத்தில் ட்யூபுக்குள் உள்ள படலக் குணகம் வேகத்தின் 0.8 அடுக்குக்கு ஏற்ப மாறும், வேகம் 0.6 மடங்கானால் குணகம் 0.66 மடங்காகிவிடும்.

அதை எண்ணாக்கிப் பார்ப்போம். உங்கள் தாளின்படி 160 ட்யூப்கள், ஒவ்வொன்றும் 6 மீட்டர் நீளம், வெளிவிட்டம் 20, உள்விட்டம் 16 மில்லிமீட்டர். 30 கிலோ ஓட்டத்தில் நீரின் வேகம் நொடிக்கு 0.94 மீட்டர், ரெனால்ட்ஸ் எண் ஏறத்தாழ 21,000. டிட்டஸ்–போல்ட்டர் சமன்பாட்டின்படி படலக் குணகம் சுமார் 4770 வருகிறது. இது உள் பரப்பை அடிப்படையாகக் கொண்டது. உங்கள் U வெளிப் பரப்பை அடிப்படையாகக் கொண்டது. எனவே அதன் தடையை 20/16 ஆல் பெருக்கியே கூட்ட வேண்டும்.

```
30 kg/s:  (1/4770) × 1.25      = 0.000262
18 kg/s:  0.000262 / 0.6^0.8   = 0.000394
கூடுதல் தடை                    = 0.000132
Rf (திருத்தியது) = 0.000457 − 0.000132 = 0.000325
```

வேறு விதமாகச் சொன்னால், இந்தக் கூலர் இன்று முற்றிலும் சுத்தமாக இருந்திருந்தாலும் 18 கிலோ நீரில் அதன் U 1205 ஆக இருந்திருக்காது. 1040 அளவில்தான் இருந்திருக்கும். ஒப்பிட வேண்டியது 777ஐயும் 1040ஐயும்தான். ஓட்டம் 18 கிலோவானாலும் ரெனால்ட்ஸ் எண் 12,000க்கு மேல் இருப்பதால் 0.8 அடுக்கு விதி இங்கே செல்லும். 10,000க்குக் கீழே இறங்கினால் இந்தத் திருத்தத்தை நம்ப முடியாது. அப்போது நீரோட்டத்தைப் பழைய அளவுக்கு உயர்த்தி மறுபடி சோதிப்பது ஒன்றே வழி.

இனி டிசைன் எண்ணோடு ஒப்பிடும்போது ஒரு கவனம் தேவை. 0.00018 என்பது பதப்படுத்திய கூலிங் டவர் நீருக்கு, வெப்பப் பரிமாற்றி உற்பத்தியாளர் சங்கமான டெமாவின் அட்டவணையில் தரப்படும் மதிப்பு. நீர் ட்யூபுக்குள் ஓடுவதால் அது உள் பரப்புக்கு உரியது. நாம் கண்ட 0.000325 வெளிப் பரப்புக்கு உரியது. அதை 1.25 ஆல் வகுத்தால் 0.00026. இப்போதுதான் ஒரே தளத்தில் 0.00026ஐ 0.00018 உடன் ஒப்பிடுகிறோம்: டிசைனில் அனுமதித்ததைப் போல் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. நீங்கள் எண்ணியது இரண்டரை மடங்கு.

இந்த எண்ணின் பிழை எல்லையையும் சொல்லிவிட வேண்டும். படிவுத் தடை என்பது இரண்டு பெரிய எண்களுக்கு இடையிலான சிறிய வேறுபாடு. ஒவ்வொரு U மதிப்பிலும் 4 விழுக்காடு பிழை இருந்தால், கழித்து வரும் விடையில் ஏறத்தாழ 0.00006 பிழை வரும். 0.000325ஐப் பொறுத்தவரை அது ஐந்தில் ஒரு பங்கு, பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் சுத்தம் செய்து ஒரு மாதத்தில், படிவு 0.00005 அளவில் இருக்கும்போது இதே முறையில் கணக்கிட்டால் விடை பூஜ்யமாகவோ எதிர்மறையாகவோ கூட வரலாம். ஓர் ஆலையில் நான் எடுத்த சோதனையில் அப்படி எதிர்மறை எண் வந்தது. தேடிப் பார்த்தபோது நீர் வெளியேறும் தெர்மாமீட்டர் சேனல் வாய்க்கு ஒட்டியே பொருத்தப்பட்டிருந்தது. அங்கே ஒவ்வொரு ட்யூபிலிருந்தும் வரும் நீர் இன்னும் கலந்திருக்கவில்லை. இரண்டு வளைவுகளைத் தாண்டிய இடத்தில் வைத்ததும் வெப்பச் சமன் ஒத்துவந்தது. இரு சோதனைகளுக்கும் அதே தெர்மாமீட்டரையும் அதே ஃப்ளோமீட்டரையும் பயன்படுத்தினால் நிலையான பிழைகளின் பாதிப்பு பெருமளவு குறையும். ஃப்ளோமீட்டர் எப்போதும் 3 விழுக்காடு கூட்டிக் காட்டினால், இறுதித் தடையிலும் அதே 3 விழுக்காடு பிழைதான் வரும்.

இதற்குப் பிறகு நீங்கள் விடை தேட வேண்டிய கேள்வி, நீர் ஏன் 18 கிலோவாகக் குறைந்தது என்பதே. யாராவது வால்வைக் குறைத்து வைத்திருந்தால் ஒரு கதை. ட்யூப்கள் அடைபட்டிருந்தால் முற்றிலும் வேறு கதை. ட்யூப் முகப்பில் குப்பையும் கூலிங் டவர் ஃபில்லின் உடைந்த துண்டுகளும் சிக்கிச் சில ட்யூப்களில் நீரே ஓடாமல் போனால், குறைவது வேலை செய்யும் பரப்பு. அதை நாம் 60 சதுர மீட்டர் என்றே வைத்துக் கணக்கிடுவதால் U குறைந்தது போலத் தெரியும், அது படிவு என்ற பெயரில் நம் விடைக்குள் நுழைந்துவிடும். இதை நீர்ப் பக்க அழுத்த இழப்பு காட்டிக்கொடுக்கும். ஓட்டம் 60 விழுக்காடானால் அழுத்த இழப்பு சுத்தமான நாளில் இருந்ததில் ஏறத்தாழ 40 விழுக்காடாக இறங்க வேண்டும். அந்த அளவிலேயே இருந்தால் கூலருக்குள் பெரிய அடைப்பு இல்லை, ஓட்டத்தைக் குறைப்பது வெளியே உள்ள வால்வோ ஸ்ட்ரெய்னரோ பம்போதான். பழைய அளவிலேயே நின்றால் அடைப்பு கூலருக்குள்ளேயே இருக்கிறது; அப்போது மேலே கண்ட 0.000325ஐப் படிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் தாளில் அழுத்த அளவு இல்லை, இன்றே எடுத்துவிடுங்கள்.

அடைப்பு இல்லையென்றால் முதலில் நீரோட்டத்தை 30 கிலோவுக்கு மீட்டெடுங்கள். இதே படிவோடு U 866 ஆக உயரும், கரைசல் 49.5க்குப் பதில் ஏறத்தாழ 47.8 டிகிரியில் வெளியேறும். அந்த வெப்பநிலை உங்கள் செயல்முறைக்குப் போதுமானால் அடுத்த திட்டமிட்ட நிறுத்தம் வரை காத்திருக்கலாம். போதாதென்றால் நிறுத்தத்தான் வேண்டும். குறைந்த நீரில் தொடர்ந்து ஓட்டுவதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நொடிக்கு 0.56 மீட்டர் வேகத்தில் சேறும் வழவழப்பான உயிர்ப்படலமும் தங்குவது எளிது, அடுத்த சில வாரங்களில் படிவு இன்னும் விரைந்து ஏறக்கூடும்.

கூலரைத் திறக்கும் நாளில் ஒரு ட்யூபின் உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். சுண்ணாம்புச் செதிலின் வெப்பக் கடத்துத்திறனைச் சுமார் 2 என்று எடுத்தால் 0.00026க்கு அரை மில்லிமீட்டர் தடிமன் வேண்டும். அது கண்ணுக்குத் தெரியும், நகத்தில் சுரண்டும். உயிர்ப்படலம் கிட்டத்தட்ட நீரைப் போலவே, சுமார் 0.6 அளவில்தான் கடத்துகிறது, அதற்கு 0.16 மில்லிமீட்டரே போதும், பார்த்தால் ட்யூப் ஈரமாக இருப்பது போலத்தான் தெரியும், விரலுக்கு மட்டும் வழுக்கும். முதலாவதற்கு அமிலக் கழுவல், இரண்டாவதற்குப் பிரஷ்ஷும் குளோரின் அளவின் மறுபரிசீலனையும் தேவை.

சுத்தம் செய்து மீண்டும் ஓட்டும் நாளில் ஒரே ஓட்டத்தில் சோதித்து நிறுத்திவிடாதீர்கள். கரைசல் ஓட்டத்தை மாற்றாமல், நீரோட்டத்தை 30, 24, 18 கிலோ என மூன்று நிலைகளில் வைத்து, ஒவ்வொன்றிலும் வெப்பநிலைகள் அரை மணி நேரம் நிலைத்த பிறகு 1/Uவைக் குறித்துக்கொள்ளுங்கள். அதை வேகத்தின் −0.8 அடுக்குக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு கிடைக்கும். 1915இல் வில்சன் காட்டிய வழி இது. அந்தக் கோட்டின் சாய்வே உங்கள் கூலரின் நீர்ப் படலத் தடையைத் தரும், டிட்டஸ்–போல்ட்டர் மதிப்பீட்டை நம்பியிருக்கத் தேவையில்லை. பிறகு எந்த மாதம், எந்த நீரோட்டத்தில் சோதித்தாலும், அந்த ஓட்டத்துக்குரிய சுத்தமான 1/Uவைக் கோட்டிலிருந்தே எடுத்து நேரடியாகக் கழிக்கலாம்.