10-டி படிவம்: முதல்முறை நிரப்புவோர் கேட்ட நான்கு கேள்விகள்

தனியார் நிறுவனத் தொழிலாளர்களின் பி.எஃப். ஓய்வூதியத்துக்கான 10-டி படிவம் பற்றி வந்தவற்றில் சில.

முதல் மில்லில் 6, அடுத்ததில் 5 என இரண்டு மில்களில் மொத்தம் 11 ஆண்டுகள் வேலை பார்த்தேன். 10 ஆண்டுகள் போதும் என்றார்கள். ஆனால் விண்ணப்பம் திரும்பிவிட்டது. ஏன்?

முதல் மில்லை விட்டபோது பி.எஃப். பணத்தை எடுத்தீர்களா? அப்போது 10-சி படிவமும் கொடுத்து ஓய்வூதியப் பங்கையும் வாங்கியிருந்தால், அந்த 6 ஆண்டுகள் கணக்கில் இல்லை. மிச்சம் 5 ஆண்டுகள்தான்; அதற்கு மாத ஓய்வூதியம் கிடையாது, பணத்தைத் திரும்பப் பெறலாம், அவ்வளவே.

பங்கை எடுக்கவில்லை என்றால் கதை வேறு. பழைய கணக்கை உங்கள் யு.ஏ.என். எண்ணுக்கு மாற்றுங்கள், திட்டச் சான்றிதழ் வாங்கியிருந்தால் அதை இணையுங்கள். பழைய நிறுவனம் வேலையை விட்ட தேதியைப் பதியவில்லையா? கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்து இணையதளத்தில் நீங்களே பதியலாம். சராசரிச் சம்பளம் 15,000 ரூபாய் என்றால் 15,000-ஐ 11-ஆல் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும்: மாதம் சுமார் 2,357 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் அன்று சில ஆயிரத்துக்காக 10-சி கொடுத்தவர்கள் இழந்தது இதைத்தான்.

ஆதாரில் தந்தை பெயர் முழுதாக இருக்கிறது, பி.எஃப். பதிவில் வெறும் இனிஷியல். பரவாயில்லையா?

இந்தப் பொருத்தமின்மையால்தான் பல விண்ணப்பங்கள் திரும்புகின்றன. பிறந்த தேதியில் ஒரு நாள் வித்தியாசமும் அப்படியே. முதலில் நிறுவனத்தோடு சேர்ந்து கூட்டு உறுதிமொழி கொடுத்துத் திருத்துங்கள். திருத்தம் பதிவில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகே 10-டி. இரண்டையும் ஒரே நாளில் அனுப்பிவிட்டுக் காத்திருந்து பயனில்லை.

மகனுக்கு 22 வயது, வேலைக்குப் போகிறான். குடும்ப விவரத்தில் அவனை விட்டுவிடலாமா?

விடாதீர்கள். பிள்ளைகள் ஓய்வூதியம் 25 வயது வரை உண்டு, சம்பாதிப்பது தடையல்ல. மனைவியும் நீங்களும் சேர்ந்து எடுத்த ஒரே புகைப்படம் வேண்டும். தனித்தனிப் படங்களை ஒட்டிக் கொண்டுவருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்!

எனக்கு 54 வயது. இப்போதே வாங்கலாமா?

50 வயது முடிந்து, வேலையை விட்டிருந்தால் வாங்கலாம். புதிய வேலையில் சந்தா ஏறிக்கொண்டிருந்தால் நிராகரிப்பார்கள். 58-க்கு முந்தைய ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டு. 58 ஆனதும் அது சரியாகிவிடாது, ஆயுள் முழுவதும் தொடரும். படிவத்தில் ஓய்வூதியம் தொடங்கும் தேதியை யோசித்து எழுதுங்கள். சிண்டிகேட் வங்கி 2020-இல் கனரா வங்கியோடு இணைந்ததுபோல் உங்கள் வங்கியும் இணைந்திருந்தால், பழைய பாஸ்புத்தகத்தில் உள்ள ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டை எழுதாமல் கிளையில் புதியதைக் கேட்டு வாங்குங்கள்.