தூக்கியவர் மேல் வழக்கு வருமா?

கேள்வி: காங்கேசன்துறை வீதியில் மோட்டார் சைக்கிள் ஒன்று ஒரு ஐயாவை அடித்துவிட்டு ஓடிவிட்டது. பின்னால் என் மோட்டார் சைக்கிளில் வந்த நான்தான் அவரை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். உதவியவர் பெயர்கூடச் சொல்லத் தேவையில்லை என்று வட்ஸ்அப்பில் வந்தது. பொலிசுக்குப் போகாமல் விட்டால் என்ன? (கொக்குவில் வாசகர்)

பதில்: வட்ஸ்அப்பில் வந்தது பொய்யில்லை, நாடுதான் வேறு. 2019இல் இந்தியா தன் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134அ என்ற பிரிவைச் சேர்த்தது. பெயர் சொல்லாமல் இருக்கும் உரிமை அந்தப் பிரிவின் கீழ் வந்த விதிகள் தருவது. அது பாக்கு நீரிணையைத் தாண்டி வராது. இங்கே இலங்கையில் 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் சாரதியைத்தான் பிடிக்கிறது. அடித்தவர் உடனே நிறுத்த வேண்டும், பெயர், விலாசம், வாகன இலக்கம் கொடுக்க வேண்டும், காயப்பட்டவருக்கு உதவ வேண்டும், பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். பிழை யாருடையது என்பது பிறகு பார்க்கும் கதை. சனம் அடிக்கும் என்று பயந்து ஓடினாராம் என்பார்கள். அந்தப் பயம் எப்போதும் வெறும் சாட்டு இல்லை, ஆனால் அப்படிப் பயந்தவர் நேரே பொலிஸ் நிலையத்துக்கல்லவா ஓடியிருக்க வேண்டும்?

சரி, உங்கள் விஷயம். 1883இன் தண்டனைச் சட்டக்கோவையில் ஒரு பழைய விதிவிலக்கு இருக்கிறது. சம்மதம் சொல்ல முடியாத நிலையில் கிடப்பவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்த காரியத்தால் ஏதும் தீங்கு நேர்ந்தால் அது குற்றமாகாது. நல்லெண்ணம் என்றால் கவனமும் அதில் அடக்கம். கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரை ஓட்டோவுக்குள் மடக்கி ஏற்றுவதைவிட, அசைக்காமல் வைத்து 1990 அம்புலன்ஸுக்குக் கோல் எடுப்பது நல்லது. அந்த அம்புலன்ஸ் 2018 முதல் யாழ்ப்பாணத்தில் ஓடுகிறது.

பொலிசுக்குப் போகாமல் விட்டால் என்ன என்கிறீர்கள். பக்கத்துக் கடைக் கமராவில் உங்கள் மோட்டார் சைக்கிள் நிற்பதும், நீங்கள் அவரைத் தூக்குவதும் மட்டும் விழுந்திருக்கிறது என்று வையுங்கள். பத்து நாள் கழித்து பொலிஸ் தேடி வந்தால், ஓடியவரும் நீங்களும் அவர்கள் கண்ணுக்கு ஒன்றுதான். இன்றே போய் வாக்குமூலம் கொடுத்தால் நீங்கள் சாட்சி. உங்கள் வண்டியில் புதுக் கீறலோ நெளிவோ இல்லை என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள், வேண்டுமானால் வண்டியைப் பார்க்கட்டும். கண்டதை மட்டும் சொல்லுங்கள். இலக்கத்தின் கடைசி இரண்டு எண்தான் ஞாபகம் என்றால் அந்த இரண்டோடு நிறுத்துங்கள், மிச்சத்தை ஊகித்து நிரப்ப வேண்டாம். தமிழிலேயே எழுதக் கேளுங்கள், வாசித்துப் பார்த்த பிறகே ஒப்பம் வையுங்கள்.

அந்த அரைகுறை இலக்கத்துக்கு இன்னொரு பெறுமதியும் உண்டு. வாகனம் பிடிபட்டால்தான் அதன் மூன்றாம் தரப்புக் காப்புறுதியிடம் ஐயா நட்டஈடு கேட்கலாம். ஓடியவரின் ஆட்கள் வந்து மிரட்டினால், சாட்சியை மிரட்டுவது 2023இன் 10ஆம் இலக்கச் சட்டப்படி தனிக் குற்றம். அதற்கும் ஒரு முறைப்பாடு போடுங்கள்.