நடு அச்சில் சுண்டிய புத்தகம் ஏன் புரள்கிறது?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. அறிவியல் கண்காட்சிக்காக ரப்பர் பேண்ட் போட்ட அட்லஸைச் சுண்டிப் போட்டுப் பிடிக்கிறாள். இரண்டு விதமாகச் சுழற்றினால் ஒழுங்காக வருகிறது. மூன்றாவது விதத்தில் மட்டும் இடது வலது மாறித் திரும்பி வருகிறது. புராஜெக்ட் செய்து தரும் கடைக்காரர் புத்தகத்தில் எடை சமமில்லை, பேலன்ஸ் பண்ணித் தருகிறேன், 1,500 ரூபாய் ஆகும் என்கிறார். கொடுக்கலாமா? — ஒரு தாய், அம்மாபேட்டை, சேலம்

பதில்: கொடுக்காதீர்கள். புத்தகத்தில் ஒரு குறையும் இல்லை, மகள் கையிலும் இல்லை. அவள் கண்டதுதான் புராஜெக்ட்டே. அதைச் 'சரிசெய்து' கொடுத்தால் கண்காட்சியில் காட்ட ஒன்றும் மிஞ்சாது.

அட்லஸ் 24 செ.மீ. உயரம், 18 செ.மீ. அகலம், 2 செ.மீ. தடிமன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பொருளைச் சுழற்றுவது எவ்வளவு கடினம் என்பது, அதன் எடை சுழலும் அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பாடத்தில் நிலைமத் திருப்புத்திறன் என்று வருவது இதுதான். ஒப்பிட்டுப் பார்க்க அச்சுக்குக் குறுக்கே உள்ள இரண்டு அளவுகளின் வர்க்கத்தைக் கூட்டினால் போதும். மேசையில் கிடக்கும் புத்தகத்தைத் தட்டாமாலை போலச் சுற்றினால் 576 + 324 = 900. நெடுக்கு அச்சில், முறுக்குவது போலச் சுற்றினால் 324 + 4 = 328. அட்டைத் தலைப்பு தெரிகிற மாதிரி இரண்டு ஓரங்களையும் பிடித்து, மேல் விளிம்பு முன்னே போகும்படி குட்டிக்கரணம் அடிக்கவிட்டால் 576 + 4 = 580. இந்த மூன்றில் நடுவில் நிற்பது 580. புரள்வது அந்த அச்சில்தான்.

ஏன் நடுவில் இருப்பது மட்டும்? ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் சரிவுக்குக் குறுக்கே, மேடு பள்ளம் ஏறாமல் ஒரே மட்டத்தில் வரப்பு போட்டிருப்பார்கள். அந்த வரப்பிலேயே நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குன்றின் உச்சிக்குச் சற்றுக் கீழே இருந்து ஒரே மட்டத்தில் நடந்தால், உச்சியைச் சுற்றிக் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடுவீர்கள். குழியின் அடிக்குச் சற்று மேலே நடந்தாலும் அப்படியே, சின்ன வட்டம்தான். இரண்டு குன்றுகளுக்கு இடையே உள்ள கணவாயில் நின்று நடந்தால்? அந்த மட்டம் உங்களை அங்கேயே சுற்றவிடாது. குன்றின் பக்கவாட்டிலேயே இழுத்துக்கொண்டு போய் மலையின் மறுபுறம் விட்டுவிடும்.

காற்றில் பறக்கும் புத்தகத்தைத் திருப்ப யாரும் இல்லை. புவி ஈர்ப்பு எல்லாப் பாகத்தையும் சமமாக இழுப்பதால் அது விழ வைக்குமே தவிரத் திருகாது. அதனால் மகள் கொடுத்த சுழற்சியின் அளவும் மாறாது, ஆற்றலும் மாறாது. ஆற்றல் மாறாமல் இருப்பதுதான் ஒரே மட்டத்தில் நடப்பது. சுழற்சி அளவு ஒன்றே என்றால் 328 அச்சில் ஆற்றல் மிக அதிகம், அது குன்றின் உச்சி. 900 அச்சில் மிகக் குறைவு, அது குழி. 580 அச்சு கணவாய். ஒவ்வொரு அச்சுக்கும் இரண்டு முனை உண்டு என்பதால் மறுபுறத்திலும் ஒரு கணவாய் இருக்கிறது. ஒன்றிலிருந்து கிளம்பி எதிர்க் கணவாயில் போய்ச் சேர்வதைத்தான் புத்தகம் புரள்வதாக நீங்கள் பார்க்கிறீர்கள்.

'துல்லியமாகப் போட்டால் புரளாதே' என்று நடுவர் கேட்கலாம். காகிதத்தில் சரி, கையில் நடக்காது. இந்த அட்லஸுக்குக் கணக்குப் போட்டால், பெருகும் வாகில் விழுந்த சிறு சாய்வு அரைச் சுற்றில் சுமார் 5 மடங்கும், முழுச் சுற்றில் சுமார் 27 மடங்கும் ஆகிறது. இரண்டு பாகை பிசகினாலே முதல் சுற்று முடிவதற்குள் அது 50 பாகைக்குப் பக்கத்தில் போய்விடும். எந்த மனிதக் கையும் அதைவிடச் சுத்தமாக வீசாது.

இனி நான் அழுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று. நீள அகலம் சமமாக இருந்தால் இது நடக்காது. சதுர டைல், சதுர ஆல்பம், நம்மூர்த் தட்டுவடை எல்லாம் இதில் சேரும். 20-க்கு 20 செ.மீ. ஆல்பத்தில் இரண்டு அச்சுகளின் கணக்கு ஒன்றாகிவிடுவதால் நடு என்று ஒன்றே கிடையாது. பிசகு மெல்ல நகரும், ஆனால் மடங்கு மடங்காகப் பெருகாது. முழுச் சதுரம்கூட வேண்டாம். 20-க்கு 19.5 செ.மீ. என்றாலே மதிப்புகள் 780, 404, 384 என்று வந்து, ஒரு சுற்றில் பிசகு மூன்று மடங்குகூடப் பெருகாது. அதற்குள் புத்தகம் கைக்கு வந்துவிடும். ஆகவே கண்காட்சிக்கு அழகாக இருக்கிறதே என்று சதுர ஆல்பத்தை எடுத்துப் போகாதீர்கள். அங்கே போய்ப் புரளாமல் நின்றால் குழந்தை முகம் வாடிவிடும். கடைக்காரரின் 'பேலன்ஸ்' வேலையும் இந்த வகைதான். இடது வலது ஓரங்களில் ஈயத் துண்டு ஒட்டினால் 328 மெல்ல ஏறி 580-ஐ நெருங்கும், புரள்வது மட்டுப்படும். அவர் செய்தது வெற்றி மாதிரித் தெரியும். உண்மையில் பரிசோதனையைக் கொன்றுவிட்டு 1,500 ரூபாய் வாங்கியிருப்பார்.

இந்தக் கடைகள் மீது எனக்குக் கோபம் உண்டு. ஒரு கண்காட்சியில் நடுவராகப் போனபோது இதே தலைப்பில் ஒரு சார்ட் பார்த்தேன். ரஷ்யர்கள் மறைத்த ரகசியம், பூமியும் ஒருநாள் இப்படிக் கவிழும் என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். மாணவனுக்கு ஒரு வரிகூட விளக்கத் தெரியவில்லை, கடையில் அப்படியே கொடுத்தார்களாம். சோவியத் விண்வெளி வீரர் ஜானிபெகோவ் 1985-இல் சல்யூட் 7 நிலையத்தில் ஒரு இறக்கை நட்டு மிதந்தபடி மாறி மாறிப் புரள்வதைக் கண்டது உண்மைதான். ஆனால் இதற்கான சமன்பாடுகளைக் கணித மேதை ஆய்லர் 18-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். பூமி நிலநடுக்கோட்டில் புடைத்திருப்பதால் அது சுழல்வது மிகப் பெரிய மதிப்புள்ள அச்சில், அதாவது குழியில். அது கவிழாது. அன்று பரிசு போனது விளக்கு எரிகிற தெர்மகோல் மாதிரிக்கு. பதினொன்றாம் வகுப்பில் நிலைமத் திருப்புத்திறன் சூத்திரத்தை மனப்பாடம் செய்கிற பிள்ளைகள் ஒரு புத்தகத்தைக்கூடச் சுண்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். இந்த முறையை யார் எப்போது மாற்றுவார்களோ!

சரி, மகளுக்குச் செய்யச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். தாள்கள் காற்றில் விரிந்தால் எல்லாம் கெடும் என்பதால் ரப்பர் பேண்டை நெடுக்கும் குறுக்குமாக இரண்டு பக்கமும் போடட்டும். புத்தகத்தின் முதுகு ஓரம் முழுக்கச் சிவப்புத் தாள் ஒட்டி, அதை இடது கையில் பிடிக்கட்டும். மேலே ஒரு மீட்டர் போகும்படி வீசினால் காற்றில் சுமார் 0.9 விநாடி கிடைக்கும், ஒரு சுற்று தாராளமாக முடியும். பிடிக்கும்போது சிவப்பு வலது கைக்கு வந்திருந்தால் புரண்டுவிட்டது. வேகமாகச் சுற்றிவிட்டால் இரண்டாம் முறை புரண்டு சிவப்பு மறுபடி இடப்பக்கமே வந்துவிடக்கூடும், அதனால் நிதானமாக ஒரே சுற்று. முதலில் 900, அடுத்து 328, கடைசியாக 580 என்ற வரிசையில் காட்டட்டும். அந்த மூன்று எண்களையும் ஸ்கேலால் அளந்து அவளே கணக்குப் போட்டு, தன் கையெழுத்திலேயே சார்ட்டில் எழுதட்டும்.