யோருபா பெயர்சூட்டு விழாவில் எப்படி வாழ்த்துவது?

கேள்வி: லாகோஸில் என் யோருபா நண்பருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, எட்டாம் நாள் பெயர்சூட்டு விழாவுக்கு அழைத்திருக்கிறார். அவர்கள் மொழியில் மரபாக என்ன சொல்லி வாழ்த்துவது?

"எ கு எவு ஒமொ" என்று சொல்லுங்கள். பிரசவம் என்னும் ஆபத்தைக் கடந்து வந்ததற்கான வாழ்த்து இது. குழந்தை பிறந்த செய்தி கேட்டது முதல் விழா நாள் வரை இதையே சொல்லலாம். தாயிடம் முதலில் சொல்வதே பொருத்தம் என்பது என் கருத்து, ஏனெனில் கடந்து வந்தவர் அவர்தான். தொடக்கத்தில் வரும் "எ" மரியாதைப் பன்மை. ஒத்த வயது நண்பரிடம் தனியாகப் பேசும்போது "ஓ கு" என்று சொல்வது இயல்பு, ஆனால் பெரியவர்கள் கூடியிருக்கும் இடத்தில் தம்பதியர் இருவரையும் சேர்த்து வாழ்த்துவதால் "எ கு" என்றே சொல்லிவிடுங்கள். "எ ஷே" என்று அவர்கள் நன்றி கூறுவார்கள்.

அதற்குப் பிறகு ஒரு வாழ்த்துரை சேர்த்தால் போதும்: "ஒமொ நா ஆ டாக்பா", அதாவது குழந்தை வளர்ந்து பெரிதாகட்டும். இதில் வரும் "க்ப" தனித்தனி எழுத்துகளின் ஒலியன்று. நாக்கின் பின்புறமும் உதடுகளும் ஒரே நேரத்தில் மூடித் திறக்க வேண்டும். விருந்தளிப்பவர்களிடம் "எ கு இநாவோ" என்றும் சொல்வார்கள். விழாவுக்காகச் செலவு செய்ததைப் பாராட்டும் முகமன் அது.

மரபான ஆசிகளை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, குடும்பத்துப் பெரியவரோ மதகுருவோ சொல்வார். அவர் ஒவ்வொரு பொருளாக எடுத்து, அதன் தன்மையையே வேண்டுதலாக மாற்றுவார். தண்ணீருக்குப் பகைவர் இல்லாததுபோல இந்தக் குழந்தைக்கும் பகை இருக்கக் கூடாது. தேனைப் போல வாழ்வு இனிக்க வேண்டும். ஒரோக்போ என்னும் கசப்புக் கோலா, முதுமை வரை வாழ வைக்க வேண்டும். ஓபி என்னும் கோலாக் கொட்டை, சாவையும் தீமையையும் தள்ளிவிட வேண்டும். பிந்தைய இரண்டிலும் பொருளின் பெயருக்குள்ளேயே வேண்டுதல் ஒலிக்கிறது: "க்போ" என்றால் முதுமையடைதல், "பி" என்றால் தள்ளுதல். ஒவ்வொரு வேண்டுதலும் முடிந்தவுடன் கூட்டம் "ஆமீன்" என்றோ, பழைய மரபினர் "ஆஷெ" என்றோ பதில் குரல் கொடுக்கும்போது நீங்களும் தயங்காமல் சேர்ந்து சொல்லுங்கள். கிறித்தவ, முஸ்லிம் குடும்பங்களில் இந்தப் பொருள்களில் சிலவோ எல்லாமோ விடுபடலாம், ஆனால் ஆமீன் மாறாது.

பெற்றோர் தேர்ந்த பெயரைத் தவிர, தாத்தா பாட்டிகளும் உறவினரும் வந்தவர்களும் ஆளுக்கொரு பெயர் சூட்டுவது வழக்கம். சூட்டுபவர் முன்னால் வைத்திருக்கும் பாத்திரத்தில் பணம் போட்டுவிட்டுப் பெயரைச் சொல்வார். உங்களையும் அழைத்தால் ஒரு தமிழ்ப் பெயரையே கொடுக்கலாம். அதன் பொருளையும் ஒரு வரியில் விளக்குங்கள். யோருபாப் பெயர்கள் பெரும்பாலும் பொருளோடு வருபவை என்பதால் அதைக் கட்டாயம் கேட்பார்கள்.